உறுப்பினர் அட்டை முதலில், பரிசு அட்டை அடுத்து, யுபிஐ கடைசியில்: கைபேசி வாலட்டுக்குள் நடப்பது என்ன?

மைசூரு: மைசூரு மாநகரின் வடமேற்கே நான்கு நிலைகளாக விரிந்துள்ள விஜயநகர் போன்ற குடியிருப்புப் பகுதிகளில், துணிக்கடை முதல் மருந்துக்கடை வரை பில் போடும் இடத்தில் ஒரே கேள்வி எழுகிறது: "மெம்பர் நம்பர் இருக்கிறதா? கிஃப்ட் கார்டு இருக்கிறதா? பணம் யுபிஐயா?" மூன்றுக்கும் விடை வாடிக்கையாளரின் கையில் உள்ள ஒரே கைபேசிதான். ஆனால் இவை மூன்றும் ஒரே திரையில் தோன்றினாலும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று கணினி அமைப்புகளில் இயங்குகின்றன. எதை முதலில் காட்டுவது, எதைப் பிறகு காட்டுவது என்பதைப் பொறுத்துச் செலுத்த வேண்டிய தொகையே மாறக்கூடும். பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது எவ்வளவு பணம் எந்த வடிவில் திரும்பி வரும் என்பதும் இந்த வேறுபாட்டில்தான் அடங்கியுள்ளது.

வாலட்டில் இருப்பது பணமா, எண்ணா?

கூகுள் நிறுவனம் தனது 'கூகுள் வாலட்' செயலியை 2024ஆம் ஆண்டு மே 8ஆம் தேதி இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. மற்ற பல நாடுகளில் இச்செயலி வங்கி அட்டைகளையும் ஏற்றுக்கொண்டு பணம் செலுத்தவும் பயன்படுகிறது. இந்தியாவிலோ, பணம் செலுத்துவதற்குக் கூகுள் பே தனிச் செயலியாகவே தொடரும் என்றும், வாலட் என்பது பயணச்சீட்டு, திரைப்பட நுழைவுச்சீட்டு, உறுப்பினர் அட்டை, பரிசு அட்டை ஆகியவற்றை வைத்துக்கொள்வதற்கானது என்றும் அந்நிறுவனம் அறிமுகத்தின்போதே தெளிவுபடுத்தியது. தொடக்கக் கூட்டாளிகளாக அறிவிக்கப்பட்ட இருபது நிறுவனங்களில் ஷாப்பர்ஸ் ஸ்டாப், ஃப்ளிப்கார்ட், பரிசு அட்டைகளை வழங்கும் பைன் லேப்ஸ் ஆகியவையும் இருந்தன. ஆப்பிள் நிறுவனம் 2012ஆம் ஆண்டில் 'பாஸ்புக்' என்ற பெயரில் தொடங்கி, பின்னர் 'வாலட்' எனப் பெயர் மாற்றிய செயலியும் இதே வகையைச் சேர்ந்தது.

இச்செயலிகளில் தோன்றும் உறுப்பினர் அட்டையில் உண்மையில் புள்ளிகள் எவையும் இல்லை. அதில் இருப்பது உறுப்பினர் எண், பெயர், கடையின் சின்னம், அந்த எண்ணைக் குறிக்கும் பார்கோடு அல்லது கியூஆர் கோடு ஆகியவையே. பரிசு அட்டையிலும் அவ்வாறே. அட்டை எண், பின் எண், இருப்புத்தொகை, அந்த இருப்பு கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்ற நேரம் ஆகியவை மட்டுமே பதிவாகியிருக்கும். பணமும் புள்ளிகளும் அவற்றை வழங்கிய நிறுவனத்தின் கணினியில் உள்ளன. கைபேசியில் தெரிவது அக்கணக்கின் பிரதிபிம்பம் மட்டுமே.

இந்தப் பிரதிபிம்பம் இரண்டு வழிகளில் வாலட்டுக்குள் வருகிறது. முதல் வழியில், கடையின் செயலியிலோ மின்னஞ்சலிலோ உள்ள 'வாலட்டில் சேர்' என்ற பொத்தானை வாடிக்கையாளர் அழுத்துகிறார். அப்போது அந்நிறுவனத்தின் கணினிக்கும் வாலட்டில் உள்ள அட்டைக்கும் இணைப்பு ஏற்படுகிறது. புள்ளி கூடினாலோ இருப்புக் குறைந்தாலோ நிறுவனம் புதிய எண்ணிக்கையை அனுப்பும். திரையில் அது மாறும். இரண்டாவது வழியில், வாடிக்கையாளரே பழைய பிளாஸ்டிக் அட்டையின் பார்கோடைக் கேமராவில் பிடித்தோ, எண்ணைத் தட்டச்சு செய்தோ சேர்த்துக்கொள்கிறார். இந்த அட்டைக்கு நிறுவனத்துடன் எந்த இணைப்பும் இல்லை. கவுன்டரில் ஸ்கேன் செய்தால் அது வேலை செய்யும். ஆனால் இருப்பு மாறினாலும், அட்டை காலாவதியானாலும் திரையில் எதுவும் தெரியாது.

தம்மிடம் உள்ள அட்டை எந்த வகை என்பதை எளிதில் கண்டறியலாம். அட்டையைத் திறந்தால் புள்ளிகளின் எண்ணிக்கையோ இருப்புத்தொகையோ தெரிந்து, பொருள் வாங்கிய பின் அது மாறினால் அது இணைக்கப்பட்ட அட்டை. எண்ணும் கோடும் மட்டுமே தெரிந்தால் அது வெறும் நகல்.

மூன்று வகை மதிப்பு, மூன்று வகை விதி

வாலட்டில் அடுத்தடுத்து இருக்கும் அட்டைகள் சட்டத்தின் பார்வையில் ஒரே தன்மை கொண்டவை அல்ல.

முதலாவது, கடையின் உறுப்பினர் புள்ளிகள். இவற்றை வாடிக்கையாளர் பணம் கொடுத்து வாங்குவதில்லை. வாங்கிய பொருளுக்கு ஈடாகக் கடை தரும் வாக்குறுதி இது. ஒரு புள்ளிக்கு எவ்வளவு மதிப்பு, எப்போது காலாவதியாகும், எந்தப் பொருளுக்குப் பொருந்தாது என்பதையெல்லாம் கடையின் திட்ட விதிகளே தீர்மானிக்கின்றன.

இரண்டாவது, ஒரு நிறுவனம் தன் கடைகளில் மட்டுமே செல்லுபடியாகும்படி தானே வெளியிடும் பரிசு அட்டை. இதை இந்திய ரிசர்வ் வங்கி 'மூடிய அமைப்பு' முன்பணக் கருவி என்று வகைப்படுத்துகிறது. வெளியிட்ட நிறுவனத்திடம் பொருள் வாங்க மட்டுமே பயன்படுவதால், இதைப் பணப் பரிமாற்ற அமைப்பாக ரிசர்வ் வங்கி கருதுவதில்லை. இதற்கு அதன் அனுமதியும் தேவையில்லை.

மூன்றாவது, வங்கியோ அனுமதி பெற்ற நிறுவனமோ வெளியிடும், பல கடைகளில் செல்லுபடியாகும் பரிசு அட்டை. இது ரிசர்வ் வங்கி 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் தேதி வெளியிட்ட முன்பணக் கருவிகளுக்கான முதன்மை வழிகாட்டுதல்களின் கீழ் வருகிறது. அதன்படி ஒரு பரிசு அட்டையின் அதிகபட்ச மதிப்பு 10,000 ரூபாய். அதில் மீண்டும் பணம் நிரப்ப முடியாது. ரொக்கமாக எடுக்கவோ வேறு கணக்குக்கு அனுப்பவோ இயலாது. குறைந்தது ஓராண்டு செல்லுபடியாக வேண்டும். காலாவதிக்கு முந்தைய 45 நாட்களில் குறுஞ்செய்தி, மின்னஞ்சல் போன்ற வழிகளில் அட்டை வைத்திருப்பவரை எச்சரிக்க வேண்டியது வெளியிட்ட நிறுவனத்தின் கடமை.

திரையில் பார்க்கும்போது இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாடு அட்டையின் விவரப் பகுதியில் சிறிய எழுத்தில் இருக்கும். வெளியிட்டவர் யார் என்ற இடத்தில் கடையின் பெயரே இருந்தால் அது பெரும்பாலும் மூடிய அமைப்பு அட்டை. வங்கி அல்லது முன்பணக் கருவி நிறுவனத்தின் பெயர் இருந்தால் ரிசர்வ் வங்கி விதிகள் அதற்குப் பொருந்தும். பிரச்சினை ஏற்படும்போது யாரிடம் முறையிடுவது என்பதை இந்த ஒரு வரியே முடிவு செய்கிறது.

வரிசை ஏன் முக்கியம்? ஒரு கணக்கு

விளக்கத்திற்காக ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். விஜயநகரைச் சேர்ந்த ஒருவர் துணிக்கடையில் தலா 2,100 ரூபாய் விலையுள்ள இரண்டு ஆடைகளை வாங்குகிறார். மொத்தம் 4,200 ரூபாய். இவ்விலையில் 5 சதவீத ஜிஎஸ்டி அடக்கம். அதாவது பொருளின் மதிப்பு 4,000 ரூபாய், வரி 200 ரூபாய். அவரது வாலட்டில் 10 சதவீதத் தள்ளுபடி தரும் உறுப்பினர் அட்டையும், 2,000 ரூபாய் இருப்புள்ள பரிசு அட்டையும் உள்ளன.

முதலில் உறுப்பினர் அட்டை ஸ்கேன் செய்யப்படுகிறது. 420 ரூபாய் தள்ளுபடி போக விலை 3,780 ரூபாயாகிறது. தள்ளுபடி பில்லிலேயே பதிவாவதால் வரி கணக்கிடப்படும் மதிப்பும் குறைகிறது. இப்போது பொருளின் மதிப்பு 3,600 ரூபாய், வரி 180 ரூபாய். உறுப்பினர் அட்டை விலையையே மாற்றிவிட்டது.

அடுத்துப் பரிசு அட்டை ஸ்கேன் செய்யப்படுகிறது. 2,000 ரூபாய் கழிகிறது. ஆனால் பில் தொகை 3,780 ரூபாயாகவே இருக்கிறது. வரியும் 180 ரூபாயாகவே இருக்கிறது. இங்கே மாறியது விலை அல்ல, அந்த விலை எந்த வழியில் செலுத்தப்படுகிறது என்பது மட்டுமே. எஞ்சிய 1,780 ரூபாயை வாடிக்கையாளர் யுபிஐ மூலம் செலுத்துகிறார்.

பரிசு அட்டை என்பது பொருளா, பணம் செலுத்தும் கருவியா என்ற இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. பெங்களூருவைச் சேர்ந்த பிரீமியர் சேல்ஸ் புரமோஷன் நிறுவனம் வவுச்சர்களை வாங்கி மற்ற நிறுவனங்களுக்கு விற்று வந்தது. அந்த விற்பனைக்கே ஜிஎஸ்டி உண்டு என முன்தீர்ப்பு ஆணையம் கூறியதை எதிர்த்து அந்நிறுவனம் தொடர்ந்த வழக்கில், 2023 ஜனவரியில் கர்நாடக உயர்நீதிமன்றம் அதன் பக்கம் தீர்ப்பளித்தது. வவுச்சருக்கென்று தனி மதிப்பு ஏதும் இல்லை, பின்னர் வாங்கப்படும் பொருளுக்கான விலையாக ஏற்கப்படும் கருவியே அது என்பது தீர்ப்பின் சாரம். 2024 டிசம்பர் 21ஆம் தேதி ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி மன்றத்தின் 55ஆவது கூட்டமும், வவுச்சர் பரிவர்த்தனை என்பது பொருள் வழங்கலும் அல்ல, சேவை வழங்கலும் அல்ல என்று தெளிவுபடுத்தப் பரிந்துரைத்தது. எனவே பரிசு அட்டையை வாங்கும்போது அதன் முகமதிப்புக்கு வரி இல்லை; அதைக் கொடுத்துப் பொருள் வாங்கும்போது முழு விலைக்கும் வரி உண்டு.

இப்போது வரிசையை மாற்றிப் பார்க்கலாம். கவுன்டரில் பரிசு அட்டையை முதலில் நீட்டினால், பில்லிங் மென்பொருள் பணம் பெறும் கட்டத்துக்குச் சென்றுவிடும். பல மென்பொருள்கள் அக்கட்டம் தொடங்கியதும் பொருள் பட்டியலையும் தள்ளுபடிகளையும் பூட்டிவிடுகின்றன. அதன் பிறகு உறுப்பினர் எண்ணைச் சொன்னால், பில்லை ரத்து செய்து மீண்டும் போட வேண்டும். காசாளர் அதைச் செய்யாவிட்டால் வாடிக்கையாளர் யுபிஐயில் 1,780 ரூபாய்க்குப் பதிலாக 2,200 ரூபாய் செலுத்த நேரிடும். 420 ரூபாய் இழப்பு.

உறுப்பினர் புள்ளிகளைச் செலவிடும்போது இன்னொரு நுணுக்கம் உண்டு. சில கடைகள் புள்ளிகளைத் தள்ளுபடியாகப் பதிவு செய்கின்றன. சில கடைகள் பணம் செலுத்தும் வழிகளில் ஒன்றாகப் பதிவு செய்கின்றன. பில்லில் வரிக் கணக்குக்கு மேலே அந்தத் தொகை கழிக்கப்பட்டிருந்தால் அது தள்ளுபடி; கீழே, 'செலுத்திய விதம்' என்ற பகுதியில் இருந்தால் அது பணத்துக்கு ஈடு.

ஸ்கேன் செய்த அந்த நொடிகளில்

பரிசு அட்டையின் கோடு ஸ்கேன் செய்யப்பட்டதும், அதிலுள்ள எண் கடையின் கணினியிலிருந்து அட்டையை நிர்வகிக்கும் நிறுவனத்தின் சர்வருக்குச் செல்கிறது. எண் மட்டும் போதாது என்பதால் பின் எண்ணோ, கைபேசிக்கு வரும் ஓடிபியோ கேட்கப்படுகிறது. அட்டை செயல்பாட்டில் உள்ளதா, காலாவதியாகவில்லையா, இந்தக் கடையில் செல்லுமா, போதிய இருப்பு உள்ளதா என்று சர்வர் சரிபார்க்கிறது. எல்லாம் சரியாக இருந்தால் தொகையைக் கழித்துவிட்டு ஓர் ஒப்புதல் எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. அந்த எண் வந்து சேர்ந்த பிறகே கடையின் கணினி பில்லில் அத்தொகையைக் கழிக்கும்.

இந்தப் பயணத்தில் வாடிக்கையாளரின் கைபேசிக்குப் பங்கில்லை. எனவே கைபேசியில் இணையம் இல்லாவிட்டாலும், ஏற்கெனவே சேமிக்கப்பட்ட அட்டையின் கோட்டைக் காட்டலாம். பின் எண் தெரிந்தால் போதும். மாறாக, கடையின் இணையம் துண்டிக்கப்பட்டால் பரிசு அட்டை செல்லாது.

சிக்கல் பெரும்பாலும் இரண்டு இடங்களில் எழுகிறது. ஒன்று ஸ்கேனர். சிவப்புக் கோடாக ஒளி வீசும் பழைய லேசர் ஸ்கேனர்கள் காகிதத்தில் அச்சிட்ட பார்கோடைப் படிப்பதற்கானவை. கண்ணாடித் திரையில் உள்ள கோட்டைப் பல நேரங்களில் அவற்றால் படிக்க இயலாது. கியூஆர் கோட்டை அறவே படிக்காது. படம் பிடித்துப் படிக்கும் ஸ்கேனர்களுக்கு இந்தக் குறை இல்லை. அட்டை செல்லவில்லை என்று காசாளர் சொன்னால், கோட்டின் கீழே உள்ள எண்ணைத் தட்டச்சு செய்து பார்க்கும்படி கேட்பதே முதல் தீர்வு.

மற்றொன்று, தொகை கழிந்தும் ஒப்புதல் எண் கடைக்கு வந்து சேராத நிலை. சர்வர் 2,000 ரூபாயைக் கழித்துவிட்டது. பதில் வரும் வழியில் இணைப்பு அறுந்தது. கடையின் திரையில் 'தோல்வி' என்று தெரிகிறது. வாடிக்கையாளரின் கைபேசிக்கோ பணம் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வருகிறது. அந்த நேரத்தில் வாலட்டில் தெரியும் இருப்பை நம்பி முடிவெடுக்கக் கூடாது. அது புதுப்பிக்கப்படத் தாமதமாகலாம். கையால் சேர்த்த அட்டையாக இருந்தால் மாறவே மாறாது. அவசரப்பட்டு முழுத் தொகையையும் யுபிஐயில் செலுத்திவிட்டால், ஒரே பொருளுக்கு இருமுறை பணம் கொடுத்ததாகிவிடும். காசாளரிடம் அதே அட்டை எண்ணுக்கு இருப்பு விசாரணை செய்யச் சொல்வதே சரியான அடுத்த படி. இருப்புக் குறைந்திருந்தால், கழிக்கப்பட்ட தொகையை ரத்து செய்து அட்டைக்குத் திரும்பச் சேர்க்கும்படி கேட்க வேண்டும். குறுஞ்செய்தியில் உள்ள பரிவர்த்தனை எண்ணும் நேரமும் அதற்கான சான்று.

மிச்சத் தொகையும் திருப்பிக் கொடுத்த பொருளும்

மேற்கண்ட வாடிக்கையாளர் ஒரே ஓர் ஆடை மட்டும் வாங்கியிருந்தால், தள்ளுபடி போக விலை 1,890 ரூபாய். 2,000 ரூபாய் பரிசு அட்டையில் 110 ரூபாய் மிஞ்சும். அட்டை பலமுறை பயன்படுத்தக்கூடியதாக இருந்தால் அந்த 110 ரூபாய் அடுத்த முறைக்கு அட்டையிலேயே இருக்கும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தக்கூடிய வவுச்சராக இருந்தால் மிச்சம் போய்விடும். சில்லறையாகத் திருப்பித் தரப்படாது. 'ஒரே பில்லில் முழுமையாகப் பயன்படுத்த வேண்டும்' என்ற வாசகம் அட்டை விவரத்தில் இருந்தால், அதன் மதிப்பைவிடச் சற்றுக் கூடுதலாக வாங்கும் நாளில் அதைப் பயன்படுத்துவது நல்லது.

பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போதும் இந்த வேறுபாடு வெளிப்படும். இரண்டு ஆடைகளில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால், கடை தர வேண்டியது 2,100 ரூபாய் அல்ல. தள்ளுபடி விலையான 1,890 ரூபாய்தான். அந்தத் தொகையும் முழுவதும் வங்கிக் கணக்குக்கு வராது. செலுத்திய விகிதத்திலேயே திருப்பித் தரும் கடையில், 1,000 ரூபாய் பரிசு அட்டைக்கோ புதிய கிரெடிட் நோட்டாகவோ வரும். 890 ரூபாய் யுபிஐ செலுத்திய வங்கிக் கணக்குக்குச் செல்லும். வேறு சில கடைகள் முழுத் தொகையையும் கிரெடிட் நோட்டாகவே தருகின்றன. கூடவே, அந்த ஆடைக்காகக் கிடைத்த உறுப்பினர் புள்ளிகளும் கழிக்கப்படும்.

புள்ளிகளைக் கணக்கிடுவதிலும் ஒரு கேள்வி உண்டு. 100 ரூபாய்க்கு ஒரு புள்ளி தரும் கடையில், முழு பில்லுக்கும் கணக்கிட்டால் 37 புள்ளிகள். பரிசு அட்டைத் தொகையை விலக்கிவிட்டு யுபிஐ தொகைக்கு மட்டும் கணக்கிட்டால் 17 புள்ளிகள். இரண்டு முறைகளும் நடைமுறையில் உள்ளன. எதிர்பார்த்ததைவிடப் புள்ளி குறைவாக வந்தால், அது பிழையா விதியா என்பதை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தே அறியலாம்.

ஒரே தட்டலில் முடியாதா?

தொழில்நுட்ப அளவில் முடியும். கூகுளின் 'ஸ்மார்ட் டேப்', ஆப்பிளின் அதற்கு இணையான வசதி ஆகியவற்றில், பணம் பெறும் கருவி என்எஃப்சி மூலம் முதலில் தன் கடையின் அடையாள எண்ணைக் கைபேசிக்குச் சொல்கிறது. அந்த எண்ணுக்குரிய உறுப்பினர் அட்டை வாலட்டில் இருந்தால் கைபேசி அதை அனுப்புகிறது. அதே தட்டலில் வங்கி அட்டை விவரமும் செல்கிறது. வாடிக்கையாளர் எந்த அட்டையையும் தேட வேண்டியதில்லை. வேறு கடையின் கருவிக்கு இந்த அட்டையின் விவரம் வெளிப்படவும் செய்யாது.

இதற்கு மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். கடையில் இவ்வசதி கொண்ட என்எஃப்சி கருவி வேண்டும்; கடை தன் உறுப்பினர் திட்டத்தை அதற்காகப் பதிவு செய்திருக்க வேண்டும்; பணம் செலுத்தும் வசதியும் அதே வாலட்டுக்குள் இருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனைதான் இந்தியாவில் தடையாகிறது. இங்கே கவுன்டரில் பெரும்பாலான பணம் யுபிஐ கியூஆர் கோடு வழியாகச் செல்கிறது. அதில் திசையே நேர்மாறானது: வாலட்டில் கடை நம் கோட்டைப் படிக்கிறது, யுபிஐயில் நாம் கடையின் கோட்டைப் படிக்கிறோம். ஆகவே இரண்டு செயலிகள், இரண்டு ஸ்கேன்கள், இரண்டு ரகசிய எண்கள் என்ற நிலை தொடர்கிறது. பரிசு அட்டையின் பின் எண்ணும் யுபிஐ பின் எண்ணும் வேறு வேறு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். முன்னதைக் காசாளரின் கருவியில் உள்ளிடுவது வழக்கம். பின்னதைத் தன் கைபேசியைத் தவிர வேறெங்கும் உள்ளிடவோ சொல்லவோ கூடாது.

எண்ணும் பின்னும் சேர்ந்தால் ரொக்கம்

உறுப்பினர் அட்டையின் கோட்டை வேறொருவர் படம் எடுத்துவிட்டால், ஓடிபி கேட்கும் கடையில் அவரால் புள்ளிகளைச் செலவிட முடியாது. பரிசு அட்டையின் நிலை வேறு. அதன் எண்ணும் பின் எண்ணும் சேர்ந்து யாரிடம் உள்ளதோ அவரே அதைச் செலவிட முடியும். கழிந்த தொகை யாருடையது என்று சர்வர் கேட்பதில்லை. உயர் அதிகாரி அனுப்புவதுபோல் செய்தி அனுப்பி, அவசரமாகப் பரிசு அட்டை வாங்கி எண்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லும் மோசடி இந்தப் பண்பை நம்பியே நடக்கிறது. அத்தகைய மோசடிக்கு ஆளானவர்கள் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். அட்டையில் இருப்பு எஞ்சியிருந்தால் அதை முடக்கும்படி வெளியிட்ட நிறுவனத்திடமும் கேட்க வேண்டும்.

பிற புகார்களுக்கு, அட்டையை வெளியிட்டவர் யார் என்ற அந்தச் சிறிய வரிக்கே திரும்ப வேண்டியுள்ளது. வங்கியோ, ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற முன்பணக் கருவி நிறுவனமோ வெளியிட்டிருந்தால், முதலில் அந்நிறுவனத்திடம் எழுத்துபூர்வமாகப் புகார் அளிக்க வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், அல்லது பதில் நிறைவளிக்காவிட்டால், cms.rbi.org.in என்ற இணையதளம் வழியாக ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கடையே வெளியிட்ட பரிசு அட்டை, உறுப்பினர் புள்ளி ஆகியவை குறித்த புகார்களுக்கு அந்த வழி இல்லை. அவற்றுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும், தேவைப்பட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம்.

இரு வழிகளிலும் கேட்கப்படும் ஆவணங்கள் ஒன்றே: பில்லின் நகல், அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், பரிவர்த்தனை எண், தொகை கழிந்த நேரம். முழுவதும் செலவான அட்டை என்று வாலட்டிலிருந்து உடனே நீக்கிவிட்டால் இவற்றில் சில கிடைக்காமல் போகலாம். வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடியும் வரையாவது, இருப்பு பூஜ்யமான அட்டையையும் வாலட்டில் விட்டுவைப்பது பயனளிக்கும்.